கழற்றாமல் வரைந்த பிறை

நல்ல கிரகணக் கண்ணாடியைப் போட்டால் உலகம் தெரியாது. மணிமேகலை டீச்சர் பத்தாம் வகுப்புக்கு முதலில் சொன்னது இதைத்தான். அரையாண்டுத் தேர்வு முடிந்த மத்தியானம். பிள்ளைகளின் மனம் ஏற்கெனவே விடுமுறைக்குப் போய்விட்டிருந்தது. அட்டைச் சட்டத்தில் கறுப்புத் தாள் ஒட்டிய ஒரு கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து, முதல் பெஞ்சில் இருந்த கவிப்பிரியாவுக்குப் போட்டுவிட்டாள்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியல டீச்சர்."

"மேல டியூப்லைட் எரியுதே, அது?"

கவிப்பிரியா கழுத்தை உயர்த்தினாள். "கும்மிருட்டா இருக்குதுங்க டீச்சர். நீங்க சிரிக்கறீங்களா முறைக்கறீங்களான்னு கூடத் தெரியல."

"முறைக்கறாங்க," என்று பின்னாலிருந்து தமிழ்ச்செல்வன் சொன்னான். வகுப்பு சிரித்தது. "ஏன் டீச்சர், ஒண்ணுமே தெரியாததுக்கு எதுக்குங்க கண்ணாடி? கண்ண மூடிக்கிட்டு நின்னாப் போச்சு."

"வெளிய வா, காட்டறன்."

வெளியே அழைத்துப் போய் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்க்கச் செய்தாள். அந்த இருட்டுக்குள் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. ஊறவைத்த துவரம்பருப்பு மாதிரி, சின்னதாக, ஆரஞ்சு நிறத்தில் சூரியன். கண் கூசவில்லை. தினமும் தலைக்கு மேல் இருந்தும் ஒருமுறைகூட நேராகப் பார்க்க முடியாத ஒன்றை முதன்முறையாகப் பார்த்துவிட்டு, தமிழ்ச்செல்வனும் மறுபடி வரிசையில் வந்து நின்றான்.

"எங்க மாமா கூலிங் கிளாஸ் வெச்சிருக்காருங்க. செம கருப்பு. அது பத்தாதுங்களா?" என்று பிறகு கேட்டான்.

அந்தக் கேள்விக்காகவே அவள் காத்திருந்தாள். உள்ளே வந்து கரும்பலகையில் எழுதினாள். கூலிங் கிளாஸ், வரும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கை உள்ளே விடும். கிரகணக் கண்ணாடி லட்சத்தில் ஓரிரண்டு பங்கைத்தான் விடும். கூலிங் கிளாஸ் மேல் கூலிங் கிளாஸ் போட்டாலும் நூற்றில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். நூறுக்கும் லட்சத்துக்கும் நடுவில்தான் நம் கண் இருக்கிறது.

"லென்ஸ் வெச்சுக் காகிதம் எரிச்சிருக்கீங்க இல்ல? கண்ணுக்குள்ளயும் ஒரு லென்ஸ் இருக்குது. அது வெளிச்சத்தக் குவிச்சு விழித்திரையில போடுது. காகிதமாச்சும் புகையும். விழித்திரைக்கு வலிக்கவே வலிக்காது. சுட்டாலும் சொல்லத் தெரியாது அதுக்கு. அன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். மறுநாள் காலைலதான் தெரியும்."

"கூலிங் கிளாஸ் போட்டா கண்ணு கூசாதுங்களே."

"அதுதான் ஆபத்து. கூசினா நீயே தலையத் திருப்பிக்குவ. கருப்பா இருந்தா, இருட்டுன்னு நெனச்சு கண்ணுப் பாப்பா விரிஞ்சுக்கும். கதவ அகலமாத் தொறந்து வெச்ச மாதிரி. வெறும் கண்ணுல ஒரு நொடி பாக்கறவன் கூலிங் கிளாஸ் போட்டு ஒரு நிமிசம் பாப்பான்."

கவிப்பிரியா இதையெல்லாம் கேட்டபடி நோட்டின் ஓரத்தில் கண்ணின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டிருந்தாள். வகுப்பில் பாதிப் பேருடைய உயிரியல் படங்கள் அவள் கைவேலைதான். கோடு போட ஸ்கேல் தேவைப்படாத பெண். கிரகணத்தன்று பிறை எப்படித் தேய்கிறது என்பதை வரிசையாக வரைந்து வைக்க மணிமேகலை அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள்.

கிரகணம் மார்கழி மாதத்தில், விடுமுறைக்குள் வந்தது. உள்ளாட்சித் தேர்தலுக்காகப் பள்ளியைப் பூட்டி வைத்திருந்ததால், இண்டூர் சாலையிலிருந்து பிரியும் ஏரிக்கரை மேட்டில் கூடுவதென்று முடிவானது. பிள்ளைகளைக் கூட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தக் காலையில் ஊரில் அடுப்பு எரியாது. கதவுகள் சாத்தியிருக்கும். கிரகணம் விட்டபின் குளித்துவிட்டுத்தான் வாயில் ஏதாவது போடுவார்கள். மணிமேகலை தக்காளித் தோட்டங்களின் வரப்புகளில் நடந்து வீடு வீடாகப் போய்ப் பேசினாள்.

கவிப்பிரியாவின் அம்மா பாஞ்சாலி கடைசிவரை அசையவில்லை. தக்காளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "படிச்சவங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். ஆனாப் பொம்பளப் புள்ளைங்க. நாளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா வந்து யாருங்க பதில் சொல்றது?"

"நான் சொல்றன் பாஞ்சாலி. என் வூட்டுக்காரரு கண்ணாடிக் கடை வெச்சிருக்காரு. அவரே கொண்டாந்து குடுக்கறாரு. இதவிட என்ன வேணும்?"

பாஞ்சாலி மகளைப் பார்த்தாள். கவிப்பிரியா இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தாள். "சரி, கூட்டிக்கிட்டுப் போங்க. உங்கள நம்பித்தான் அனுப்பறன்," என்றாள் பாஞ்சாலி.

மணிமேகலையின் கணவன் பிரபாகரின் கடை தர்மபுரியில் இருந்தது. பவர் பார்த்து, சட்டத்தில் லென்ஸ் பொருத்திக் கொடுப்பான். இலவசக் கண் சிகிச்சை முகாம்களுக்குக் கண்புரை அறுவைக்குப் பிறகு போடும் கறுப்புக் கண்ணாடிகளையும் அவன்தான் கொடுத்துவந்தான். வகுப்பில் காட்டிய அந்த அட்டைக் கண்ணாடி அவன் மாதிரிக்கு வாங்கி வந்தது. வாங்கி வந்த அன்று இரவு சமையலறையில் அதைப் போட்டுக்கொண்டு அடுப்பைத் தேடித் தடுமாறி, "மேகலா, காப்பாத்து, குருடனாயிட்டன்," என்று அவளைச் சிரிக்க வைத்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே கண்ணாடி வந்துவிடும் என்றான். சென்னையில் சொல்லிவைத்திருக்கிறேன் என்றான். அவன் ஒன்றைச் சொன்னால் அவள் மறுபடி கேட்பதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அதுதான்.

கிரகணத்தன்று காலை ஏரிக்கரையில் பனி மெல்லியதாகப் படர்ந்திருந்தது. கிழக்கே சூரியன் பாலில் நனைத்த துணிக்குப் பின்னால் இருப்பது போலிருந்தது. பிள்ளைகள் தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பள்ளியில் சத்துணவு சமைக்கும் நஞ்சம்மாளும், மேட்டை ஒட்டிய தன் வீட்டிலிருந்து, "அடுப்பு வேலையில்ல, சும்மாத்தான இருக்கறன்," என்று வந்து நின்றாள். பிரபாகரை மட்டும் காணவில்லை. போன் செய்தபோதெல்லாம் "வந்துட்டன்" என்றான். சூரியனின் ஓரத்தைச் சந்திரன் கடிக்கத் தொடங்கிய பிறகுதான் அவன் வண்டி மேட்டில் ஏறியது.

அவன் இறக்கிய பெட்டியில் இருந்தவை அட்டைக் கண்ணாடிகள் அல்ல. பிளாஸ்டிக் சட்டம், பக்கவாட்டிலும் மறைப்பு. நெற்றியில் சூரியப் படம் போட்ட ஸ்டிக்கர்.

"இது வேற மாதிரி இருக்குதே," என்றாள் மணிமேகலை.

"அட்டைன்னா பொடுசுங்க கிழிச்சிருங்க. அதே ஃபிலிம்தான், இதுல போட்டு வாங்கியிருக்கறன். சைடுலயும் வெளிச்சம் வராது பாரு."

அவள் ஒன்றை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனாள். அவன் அதைச் சிரித்தபடியே வாங்கி, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டினான். "நான் பாத்துட்டுத்தான கொண்டாரன். பாரு, அங்க ஆரம்பிச்சிருச்சு. புள்ளைங்க எவ்வளவு நேரமா நிக்குதுங்க." பிறகு, வகுப்பில் காட்டிவிட்டு அவள் திருப்பிக் கொடுத்திருந்த அட்டைக் கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். "நீ இதுல பாரு. இது உனக்கு."

அந்தக் கணத்தில் அது அவளுக்கு அன்பாகத்தான் தெரிந்தது.

பிள்ளைகள் அண்ணாந்தார்கள். "ஐயோ, கடிச்ச பிஸ்கட்டு மாதிரி," என்று ஒரு குரல். "எங்கடா, எங்கடா." பூவிழி என்ற சின்னப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள். "கூசுதுங்க டீச்சர்."

மணிமேகலை தன் அட்டைக் கண்ணாடியில் பார்த்தாள். ஆரஞ்சு நிறத் துண்டு அமைதியாக இருந்தது. கொஞ்சம்கூடக் கூசவில்லை.

"மொதல்ல அப்பிடித்தான் இருக்கும் பாப்பா, பழகிரும்," என்று பிரபாகர் பின்னாலிருந்து சொன்னான். அவன் வண்டியில் சாய்ந்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

பூவிழி நம்பவில்லை. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் எறும்பைப் பார்க்கப் போய்விட்டாள். மற்றவர்கள் கொஞ்ச நேரம் பார்ப்பதும், தள்ளிவிட்டு விளையாடுவதும், மறுபடி பார்ப்பதுமாக இருந்தார்கள். கவிப்பிரியா மட்டும் ஒரு கல்லில் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து, ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தாள். மேலே பார்ப்பாள், வரைவாள், மேலே பார்ப்பாள். அவள் தாளில் வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெலிந்துகொண்டு வந்தன. பிறையின் கூர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக்கூட விடவில்லை. மணிமேகலைக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

காற்று திடீரெனக் குளிர்ந்தது. ஏரித் தண்ணீரின் நிறம் ஈயமானது. வெயில் இருந்தது, ஆனால் பழைய புகைப்படத்தில் இருக்கும் வெயில் மாதிரி இருந்தது. மரத்தில் காக்கைகள் ஒன்றையொன்று கூப்பிட்டன.

"நல்லா வந்திருக்குதே," என்று அவள் கவிப்பிரியாவின் தோள் வழியே குனிந்தாள்.

"கண்ணாடி ரொம்ப நல்லா இருக்குதுங்க டீச்சர்," என்றாள் கவிப்பிரியா, தாளிலிருந்து தலையைத் தூக்காமல். பென்சில் வளைந்து ஒரு பிறையை முடித்தது. "அன்னிக்கு காட்டுனதுல ஒண்ணுமே தெரியல. இதக் கழட்டாமயே வரையலாம்."

மணிமேகலைக்கு ஒரு நொடி அந்த வாக்கியம் வெறும் வாக்கியமாக இருந்தது. அடுத்த நொடி அவள் அந்த முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணின் முகத்தில் கறுப்புக் கண்ணாடி இருந்தது. அவள் தாளைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள்.

"கழட்டு," என்றாள் மணிமேகலை. குரல் அவளுடையதாக இல்லை. "எல்லாரும் கழட்டுங்க. மேல பாக்காதீங்க. கீழ பாருங்க, தரையப் பாருங்க. தமிழு, எல்லார்கிட்டயும் வாங்கு."

பிள்ளைகள் திட்டு விழப்போகிறதென்று நினைத்து அவசரமாகக் கழற்றினார்கள். அவள் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். ஏரி தெரிந்தது. எதிர்க்கரையில் ஒரு மாடு தெரிந்தது. மங்கலாக, பழுப்பாக, ஆனால் மாட்டின் கொம்புவரை தெரிந்தது.

நஞ்சம்மாள் ஒரு கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது போன வருசம் எனக்குப் புரை எடுத்தப்ப குடுத்ததுங்களே டீச்சரே. காதுகிட்ட இப்பிடித்தான் மடிப்பு வரும். நம்ம சாருதான கேம்ப்புல எல்லாருக்கும் குடுத்தாரு." ஸ்டிக்கரை நகத்தால் தடவினாள். "சூரியன் படந்தான் புதுசா ஒட்டியிருக்குது. டாக்டரு குடுக்கறதுதான, நல்ல கண்ணாடிதானுங்க?"

மணிமேகலை வண்டிக்குப் பின்னால் போனாள். பிரபாகர் அங்கே நின்றிருந்தான்.

"இது என்ன ஃபிலிம்?"

"சொன்னன் இல்ல. அதேதான்."

"கவிப்பிரியா இதப் போட்டுக்கிட்டே வரைஞ்சிட்டு இருக்கறா."

அவன் சாவியை விரலில் சுற்றினான். சுற்றுவதை நிறுத்தினான். "ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு லென்ஸ் ஒட்டியிருக்கறன் மேகலா. ராத்திரி பூரா உக்காந்து ஒட்டினன். கருப்பாத்தான இருக்குது. சூரியனும் பாதிக்கு மேல மறைஞ்சிருக்குது. அவ்வளவு வெளிச்சம் எங்க இருக்குது?"

"மறையாம இருக்கற பாகம் அதே சூடுதான். துண்டு சின்னதாயிருச்சுன்னா நெருப்பு ஆறிருமா?"

"சென்னைக்காரன் ஸ்டாக் இல்லன்னுட்டான். முந்தாநேத்துதான் சொன்னான். நீ ஊரு பூரா சொல்லிட்டு வந்து நிக்கற. உன் மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்ல முடியல."

"சொல்லியிருந்தா அட்டையில ஊசியால ஓட்டை போட்டுத் தரையில காட்டியிருப்பன். கண்ணாடியே வேண்டியதில்ல."

"கொஞ்ச நேரம் பாக்கறதுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சன். நெசமா அப்பிடித்தான் நெனச்சன்."

அவள் தன் கையைப் பார்த்தாள். அட்டைக் கண்ணாடி இன்னும் அதில் இருந்தது. வியர்வையில் அதன் ஓரம் நனைந்திருந்தது.

"அப்ப இத எதுக்கு எனக்குக் குடுத்த?"

அவளுக்கு நினைவு தெரிந்து அவனை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் முறை. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கேள்வி மட்டும்தான் அவன் காதில் விழுந்தது. ஏரியைப் பார்த்தான். தெரியாமல் செய்தவன் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்திருப்பான். இவன் தேர்ந்தெடுத்திருக்கிறான். எந்தக் கண்கள் முக்கியம் என்று ஒரு முடிவு எடுத்து, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இந்த மேட்டில் ஏறியிருக்கிறான்.

அவள் பிள்ளைகளிடம் திரும்பி வந்தாள். கண்ணாடிகள் சரியில்லை, இனி யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று சொன்னாள். அவர்கள் முகம் வாடியது. நஞ்சம்மாளை வீட்டிலிருந்து ஜல்லிக் கரண்டியை எடுத்துவரச் சொன்னாள். எல்லாரையும் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, கவிப்பிரியாவின் வெள்ளைத் தாளின் மேல் அந்தக் கரண்டியைப் பிடித்தாள். வடை எண்ணெய் வடியும் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு குட்டிப் பிறை தாளில் விழுந்தது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். "டீச்சர், இங்க பாருங்க, மரத்தடியில," என்று தமிழ்ச்செல்வன் ஓடினான். புங்கமர நிழலில் இலை இடுக்குகள் வழியாக நூற்றுக்கணக்கான பிறைகள் மண்ணில் சிந்திக் கிடந்தன. காற்றில் அவை ஒன்றாக ஆடின. அவர்கள் அவற்றை மிதிக்காமல் தாண்டித் தாண்டி விளையாடினார்கள். இதுவே போதுமாயிருந்திருக்கும். ஒரு ஜல்லிக் கரண்டி போதுமாயிருந்திருக்கும்.

கிளம்பும்போது, பையிலிருந்த கிராஃப் தாள்களின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைக் கொடுத்தாள். "நாளைக்குக் காலைல ஒரு கண்ண மூடிக்கிட்டு, நடுவுல இருக்கற புள்ளியப் பாருங்க. கட்டமெல்லாம் நேரா இருக்கணும். நானே வூட்டுக்கு வருவன்."

"இது ஹோம்வொர்க்குங்களா?" என்றாள் பூவிழி.

"ஆமா."

மறுநாள் விடியற்காலையில் அவள் வரப்புகளில் மறுபடி நடந்தாள். எல்லா வீட்டிலும் கட்டங்கள் நேராக இருந்தன. தமிழ்ச்செல்வன் தன் பங்குக்குத் தாத்தாவுக்கும் சோதித்து, "அவருக்குக் கட்டமே தெரியலீங்க டீச்சர், அது கிரகணத்தால இல்ல, பொறந்ததிலிருந்தே," என்றான். அவள் மனம் லேசாக ஆரம்பித்தது. கடைசி வீடு கவிப்பிரியாவுடையது.

கவிப்பிரியா வாசலில் உட்கார்ந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், நான் கட்டத்த எண்ணலாம்னு பாத்தங்க. நடுவுல போனா அழிஞ்சிருது. சுத்தி இருக்கற கோடெல்லாம் அந்தப் பக்கம் வளையுது. சுழி மாதிரி." விரலை வைத்துக் காட்டினாள். "எந்தப் பக்கம் பாத்தாலும் அந்த அழிஞ்ச எடம் முன்னாடியே வந்து நிக்குது. சோத்துக்கைப் பக்கத்துக் கண்ணுல அதிகம்."

பாஞ்சாலி உள்ளிருந்து வந்தாள். "சளி புடிச்சிருக்குமுங்க. நேத்து பனியில நின்னா இல்ல."

தர்மபுரிக்குப் பிரபாகரின் வண்டியில்தான் போனார்கள். வேறு வண்டி அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. பாஞ்சாலியும் மகளும் பின்னால். மணிமேகலையும் பின்னாலேயே ஏறிக்கொண்டாள். ஓட்டிய பிரபாகருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. மருத்துவமனை வாசலில் இறங்கியதும் பிரபாகர் அவளைத் தனியே அழைத்தான்.

"உள்ள என்ன சொல்லப்போற?"

"நடந்தத."

"கேம்ப் ஆர்டர் எல்லாம் போயிரும். கடையே போயிரும். அது கூடப் பரவால்ல, உன்னத்தான் மொதல்ல கேப்பாங்க. ஸ்கூல் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போனது நீதான். நான் உனக்காகத்தான் பேசறன் மேகலா."

உனக்காக. அந்தச் சொல்லை அவன் நேற்றும் அவள் உள்ளங்கையில் வைத்து மூடியிருந்தான்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். கவிப்பிரியாவின் கண்ணில் மருந்து விட்டு, நெடுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு ஒரு கருவியில் படம் எடுத்தார். திரையில் விழித்திரை, அடுக்கடுக்கான மணல் மேடு போலத் தெரிந்தது. நடுப் பள்ளத்தில் ஓர் அடுக்கு மட்டும் அறுந்திருந்தது.

"கூர்மையாப் பாக்கற எடம் இது. எழுத்து படிக்கறது, முகம் அடையாளம் தெரியறது எல்லாம் இங்கதான். அந்த எடத்துல சூரிய வெளிச்சம் பட்டுப் பொசுங்கியிருக்குது," என்றார். "இதுக்கு மருந்துன்னு ஒண்ணும் இல்லம்மா. மாத்திர, ஊசி எதுவும் வேல செய்யாது. பல பேருக்குச் சில மாசத்துல தானாவே கொஞ்சம் கொஞ்சமாத் தெளியும். சில பேருக்குக் கடைசி வரைக்கும் சின்னப் புள்ளி நிக்கும். இப்பவே எதுவும் சொல்ல முடியாது. மாசா மாசம் வரணும்."

பிறகு கவிப்பிரியாவைப் பார்த்து, "வெறும் கண்ணுல பாத்தியா பாப்பா?" என்று கேட்டார்.

"ஆமாங்க டாக்டர்," என்றான் கதவருகே நின்றிருந்த பிரபாகர். "கண்ணாடி போட்டுத்தான் நிறுத்தியிருந்தோம். புள்ளைங்க இல்லீங்களா, நடுவுல கழட்டிட்டுப் பாத்திருக்கும்."

"இல்லீங்க. நான் கழட்டவே இல்ல," என்றாள் கவிப்பிரியா.

"பொய் சொல்லாத." பாஞ்சாலி மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். பலமாக இல்லை. ஆனால் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. "அவங்க என்ன பொய்யா சொல்றாங்க? அந்தப் பாடு பட்டுக் கண்ணாடி கொண்டாந்து குடுத்திருக்காங்க, நீ கழட்டிட்டுப் பாத்தியா? சொல்லச் சொல்லக் கேக்காமப் போனவதான நீ."

"கழட்டலம்மா." கவிப்பிரியா அழவில்லை. குழப்பமாக இருந்தாள். தான் கழற்றியிருப்போமோ என்று யோசிக்கத் தொடங்கியவள் போலிருந்தாள்.

மணிமேகலை பையைத் திறந்தாள். ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து டாக்டரின் மேஜைமேல் வைத்தாள். சூரிய ஸ்டிக்கர் மேலே பார்த்தபடி இருந்தது.

"அவ கழட்டல டாக்டர். இதப் போட்டுத்தான் பாத்தா."

டாக்டர் அதை எடுத்து, தன் கண்ணில் வைத்து, டார்ச்சை எதிரே அடித்தார். "டார்ச் தெரியுது," என்றார். ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஜன்னல் கம்பி கூடத் தெரியுதே. இது ஆபரேசனுக்கு அப்பறம் போடற கண்ணாடியில்ல? இத யாரு குடுத்தது?"

"என் வூட்டுக்காரரு," என்றாள் மணிமேகலை. "கிரகணக் கண்ணாடி கிடைக்கல. இதையே ரெண்டா ஒட்டி, ஸ்டிக்கர் போட்டுக் கொண்டு வந்தாரு. நான் சோதிக்காமப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டன்."

பிரபாகர் அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. ஏமாற்றப்பட்டவனின் முகம் அது. அவளுக்கு அதைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. அவன் வெளியே போய்விட்டிருந்தான்.

பாஞ்சாலிக்கு முழுவதும் புரியச் சற்று நேரம் ஆனது. அவள் கை இன்னும் மகளின் முதுகில் இருந்தது. அடித்த இடத்தையே அது தடவத் தொடங்கியது. "தெரிஞ்சேங்களா?" என்றாள். "தெரிஞ்சேவா சாரு குடுத்தாரு?"

"ஆமா."

"நீங்க?"

"எனக்குத் தெரியாது பாஞ்சாலி."

பாஞ்சாலி நம்பினாளா என்று தெரியவில்லை. மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மடியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டாள். இனி யாரும் அதைத் தொடக் கூடாது என்பது போல.

கவிப்பிரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் திரும்பிப் போய்த் தேடுவாளே, அதே பொறுமையோடு நேற்றைய காலையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்."

"சொல்லு கவி."

"பூவிழி கூசுதுன்னு சொன்னப்ப, நீங்களும் மேல பாத்தீங்க. உங்களுக்குக் கூசலியா?"

மணிமேகலை வாயைத் திறந்தாள். பொய்கள் நிறைய இருந்தன, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

"இல்ல. கூசல."

"நீங்க எந்தக் கண்ணாடில பாத்தீங்க?"

"அன்னிக்கு வகுப்புல காட்டினதுல," என்றாள் மணிமேகலை. "அட்டைக் கண்ணாடில."

கவிப்பிரியா தலையாட்டினாள். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள், பிறகு பார்வையைக் கொஞ்சம் விலக்கி, அவள் காதுக்கு அந்தப் பக்கம் இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தாள். நடுவில் அழிந்துபோகும் முகத்தை ஓரத்தால் பிடிக்கப் பார்க்கிறாள் என்று மணிமேகலைக்குப் புரிந்தது. அந்தப் பார்வைக்கு வாகாக அவள் தலையைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தாள். கவிப்பிரியா பார்வையைக் கீழே இறக்கி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.